0 KB என்று காட்டும் பதிவு: வாய்ஸ் ரெக்கார்டர் காலிக் கோப்பைச் சேமித்தால் என்ன செய்வது?

தேவனாம்பட்டினத்தில் ஓர் ஆயாவிடம், 'தானே' என்ற புயலைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல் அது. வீட்டுக் கூரை எந்தப் பக்கமாகக் கிளம்பியது, மறுநாள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரங்கள் எப்படிக் கிடந்தன என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ரெக்கார்டரின் திரையைப் பார்த்தேன். இருண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் போட்டால், அன்றைய கோப்பு பெயரளவில் இருந்தது. அளவு 0 KB. அடுத்த மூன்று மணி நேரத்தில் அந்தப் பதிவில் 51 நிமிடம் 57 வினாடி திரும்பக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது, ஏன் போனது, மறுபடி போகாமல் இருக்க என்ன செய்கிறேன் என்பதை அதே வரிசையில் எழுதுகிறேன். ரெக்கார்டர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இதன் அடிப்படை ஒன்றுதான்.

## கோப்பு ஏன் காலியாகிறது

பதிவுப் பொத்தானை அழுத்தியதும் ரெக்கார்டர் கார்டில் ஒரு பெயரை எழுதிவைக்கிறது. பிறகு ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டிக்கொண்டே போகிறது. மொத்தம் எவ்வளவு என்பது அதற்கு அப்போது தெரியாது. அதனால் அளவு என்ற இடத்தைப் பூஜ்யமாக விட்டுவைக்கிறது. நீங்கள் நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் திரும்பி வந்து, "இந்தப் பெயருக்கு இத்தனை பைட்" என்று எழுதிக் கோப்பை மூடுகிறது. மூட்டையில் நெல்லை அளந்து கொட்டி, வாயைத் தைத்து, கடைசியில் எடையைச் சீட்டில் குறிப்பது போல. எடை குறிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டால் சீட்டு வெறுமையாக இருக்கும். நெல் மூட்டையில்தான் கிடக்கும்.

பேட்டரி தீர்ந்தாலும், கார்டு எழுத மறுத்தாலும், பதிவு ஓடும்போதே யாராவது கார்டை உருவினாலும் நடப்பது இதுதான்: நிறுத்தும் பொத்தான் செய்ய வேண்டிய கடைசி வேலை நடக்காமல் போகிறது. பெரும்பாலான காலிக் கோப்புகள் காலியே இல்லை. சீட்டு எழுதப்படாத மூட்டைகள்.

## முதல் வேலை: எதுவும் செய்யாதிருப்பது

கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். புது பேட்டரி போட்டு, "எங்கே, இப்போது வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று பத்து வினாடி பதிந்து பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. ரெக்கார்டரின் கணக்குப்படி அந்த இடம் ஆளில்லாத மனையாக இருக்கலாம். நீங்கள் பதியும் பத்து வினாடி நேராகப் போய் அந்த ஐம்பது நிமிடத்தின் தலையில் உட்காரும். சில ரெக்கார்டர்கள் மறுபடி இயக்கியதும் மூடப்படாத கோப்பைத் தாமே சரிசெய்துவிடும். சில அதையே அழித்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாதபோது சூதாட வேண்டாம்.

கணினியில் போட்டவுடன் விண்டோஸ் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். டிரைவில் கோளாறு இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேட்டால் அந்த அறிவிப்பை மூடிவிடுங்கள். You need to format the disk என்று கேட்டால் Cancel கொடுங்கள். சரிசெய்யும் வேலை பிறகு வருகிறது, ஆனால் அதை அசல் கார்டின் மேல் செய்யப்போவதில்லை.

கார்டு இல்லாமல் உள்நினைவகம் மட்டும் உள்ள ரெக்கார்டர் என்றால், யுஎஸ்பி கம்பியால் இணைத்தபின் அது ஒரு டிரைவ் எழுத்துடன் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

## எந்த வகைக் காலி?

கோப்பின் மேல் வலது சொடுக்கிட்டு Properties பாருங்கள். பார்க்க வேண்டியது Size என்ற ஒரே ஒரு வரி.

அளவு 0 என்றாலோ, 44 பைட் போன்ற மிகச் சிறிய எண் என்றாலோ, மேலே சொன்ன மூடப்படாத கோப்பு. WAV கோப்பின் தலைப்பகுதி வழக்கமாக 44 பைட்தான். தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது, உடல் கணக்கில் சேரவில்லை என்று பொருள்.

அளவு பேசிய நேரத்துக்குச் சரியாக இருந்தும் ஒலி கேட்கவில்லை என்றால் கதை வேறு. பெரும்பாலும் மைக் செருகியில்தான் கோளாறு இருக்கும். கைப்பேசிக்கென்று விற்கும் சட்டை மைக்கின் செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். ரெக்கார்டருக்கு வேண்டியது இரண்டு வளையம் உள்ளது. மூன்று வளையத்தைச் செருகினால், ரெக்கார்டர் தன் சொந்த மைக்கை அணைத்துவிட்டு, எதையும் தராத வெளி மைக்கைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேர அமைதியை மிகத் துல்லியமாகப் பதிந்து தரும். இதை மீட்க வழியில்லை, ஏனென்றால் பதியவே இல்லை. சரியான அளவுள்ள கோப்பு இயங்க மறுத்தால் கார்டு போலியாக இருக்கலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கோப்பே காணோம் என்றால் பதறும் முன் தேதியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து கடிகாரம் அழிந்திருந்தால், இன்றைய பதிவு பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியுடன் பட்டியலின் மறுமுனையில் ஒளிந்திருக்கும்.

என்னுடையது முதல் வகை. ஒலி உள்ளே இருக்கிறதா என்று அறிய ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். என் ரெக்கார்டர் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ WAV முறையில் பதிகிறது. அதாவது வினாடிக்கு 44,100 × 2 × 2 = 1,76,400 பைட். 52 நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் 525 MB. கார்டின் Properties திறந்து Used space எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். பிறகு உள்ளே உள்ள எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்து மொத்த அளவைப் பார்த்தேன். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 525 MB இடைவெளி இருந்தது. சொந்தக்காரர் பெயர் இல்லாத 525 MB. ஆயாவின் புயல் அங்கேதான் இருந்தது.

இடைவெளி தெரியாவிட்டாலும் நம்பிக்கையை விட வேண்டாம். சில ரெக்கார்டர்கள் இடத்தைப் பிடித்ததற்கான குறிப்பையும் கடைசியில்தான் எழுதும். அப்போது மீட்கும் வழி சற்று நீளும், அவ்வளவுதான்.

## கார்டை அப்படியே நகலெடுத்தல்

கோப்புகளை மட்டும் நகலெடுப்பது இங்கே பயன்படாது. 0 KB கோப்பை நகலெடுத்தால் 0 KB தான் வரும். கார்டின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, பெயர் உள்ளதும் இல்லாததுமாக, ஒரே பெரிய பிம்பக் கோப்பாக எடுக்க வேண்டும்.

விண்டோஸில் Win32 Disk Imager என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. Image File என்ற இடத்தில் கணினியில் எங்கே சேமிப்பது என்று தாருங்கள், உதாரணமாக `C:\meetpu\card.img`. Device என்ற இடத்தில் கார்டின் டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு Read. பக்கத்திலேயே Write என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது நேரெதிர் வேலை செய்யும், கார்டை அழித்து மேலே எழுதும். Read என்பதை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தினேன். சொல்ல வெட்கமில்லை.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `lsblk` கொடுத்துக் கார்டின் பெயரைத் தெரிந்துகொண்டு, ddrescue பயன்படுத்துவது நல்லது. கார்டில் படிக்க முடியாத பகுதி இருந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் எடுத்தபின் திரும்பி வந்து முயலும்.

```
sudo ddrescue -d /dev/sdb card.img card.map
```

`/dev/sdb` என்பது என் கணினியில் வந்த பெயர். உங்களுடையதில் வேறாக இருக்கும்.

பிம்பம் எடுத்து முடிந்ததும் அசல் கார்டில் பக்கவாட்டுப் பூட்டு இருந்தால் அதைப் பூட்டி, ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி எடுத்து வைத்துவிடுங்கள். இனி அதைத் தொட வேண்டியதில்லை.

## இரண்டாவது கார்டில் அறுவை

அசல் 8 GB என்றால் 16 GB கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு 8 GB கார்டு போதாதா என்று தோன்றும். 8 GB என்று அச்சிட்ட இரண்டு கார்டுகள் சில மெகாபைட் வித்தியாசத்தில் இருப்பது சகஜம். சிறியது மாட்டினால் கடைசி நொடியில் இடமில்லை என்று நின்றுவிடும். பிம்பத்தை இந்த 16 GB கார்டில் Write கொடுத்து இறக்குங்கள். இப்போது உங்களிடம் அசலைப் போலவே ஒரு நோயாளி இருக்கிறது, அதன் மேல் தைரியமாகக் கை வைக்கலாம்.

கார்டு `F:` என்று வந்திருப்பதாக வைத்துக்கொண்டால், Command Prompt ஐ நிர்வாகியாகத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
chkdsk F: /f
```

சொந்தக்காரர் இல்லாத சங்கிலிகள் கிடைத்தால், Convert lost chains to files (Y/N)? என்று கேட்கும். Y கொடுங்கள். N கொடுத்தால் அந்த இடங்களைக் காலி என்று அறிவித்துவிடும். அசல் கார்டில் இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

முடிந்ததும் கார்டில் FOUND.000 என்ற கோப்புறை உருவாகியிருக்கும். அது மறைந்திருக்கும் என்பதால் File Explorer அமைப்புகளில் Hide protected operating system files என்பதன் குறியை எடுத்துவிட வேண்டும். உள்ளே FILE0000.CHK, FILE0001.CHK என்று வரிசையாகக் கோப்புகள் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். என் கார்டில் மூன்று இருந்தன. இரண்டு சில நூறு KB. மூன்றாவது 54,98,47,040 பைட். அதை 1,76,400 ஆல் வகுத்தால் 3,117 வினாடி வருகிறது, அதாவது 51 நிமிடம் 57 வினாடி. கடைசி மூன்று வினாடி, ரெக்கார்டரின் தற்காலிக நினைவில் இருந்தபடியே பேட்டரியோடு போய்விட்டது.

அந்தக் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, .CHK என்பதை .wav என்று மாற்றினேன். இயங்கவில்லை. இயங்காது. தலைப்புக்குள்ளும் அளவு பூஜ்யம் என்றே எழுதியிருக்கிறது. இயக்கும் மென்பொருள் அதை நம்பி, பூஜ்யம் வினாடி ஓட்டிவிட்டு நிற்கிறது. MP3 முறையில் பதிந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. MP3 கோப்பு தன்னளவில் முழுமையான சிறு சிறு துண்டுகளால் ஆனது, பாதியில் அறுந்தாலும் அறுந்த இடம் வரை பாடும். .mp3 என்று பெயர் மாற்றினாலே போதும்.

WAV என்றால் தலைப்பைப் பொருட்படுத்தாமல் உடலை நேரடியாகப் படிக்கச் சொல்ல வேண்டும். Audacity என்ற இலவச மென்பொருளில் File > Import > Raw Data சென்று கோப்பைத் தேர்ந்தெடுங்கள். சில விவரங்கள் கேட்கும். நான் கொடுத்தவை:

```
Encoding:     Signed 16-bit PCM
Byte order:   Little-endian
Channels:     2 Channels (Stereo)
Start offset: 0 bytes
Sample rate:  44100 Hz
```

இவை உங்கள் ரெக்கார்டரின் அமைப்போடு பொருந்த வேண்டும். மறந்துவிட்டால், அதே கார்டில் நன்றாக உள்ள இன்னொரு கோப்பின் விவரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொருந்தவில்லை என்றால் காதே சொல்லிவிடும். தகரக் கூரையில் மழை அடிப்பது போல ஒரே இரைச்சல் என்றால் பிட் எண்ணிக்கை தவறு, 24 பிட் கொடுத்துப் பாருங்கள். அல்லது தொடக்கம் ஒரு பைட் தள்ளியிருக்கிறது, Start offset ஐ 1 ஆக்குங்கள். குரல் பாதாளத்திலிருந்து வருவது போலக் கனத்து, இழுத்து இழுத்துப் பேசினால் ஸ்டீரியோவை மோனோ என்று கொடுத்திருக்கிறீர்கள். கீச்சுக்குரலில் வேகமாகப் பேசினால் மோனோவை ஸ்டீரியோ என்று கொடுத்திருக்கலாம்.

எனக்கு முதல் தடவையே பொருந்தியது. ஆரம்பத்தில் ஒரு சிறு டப் என்ற ஓசை. அது தலைப்பின் 44 பைட்டையும் ஒலி என்று நினைத்துப் படித்ததால் வந்தது. பிறகு கடற்காற்று. பிறகு, "தம்பி, இது ஓடுகிறதா?" என்று ஆயாவின் குரல். ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஆயா. File > Export வழியாக WAV ஆகச் சேமித்துவிட்டேன்.

chkdsk எதையும் கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் ஒரு வழி உண்டு. முன்பு எடுத்த `card.img` பிம்பத்தையே மேற்சொன்ன விவரங்களோடு Audacity க்குள் இறக்கலாம். கார்டு முழுவதையும் ஒரே நீண்ட ஒலிநாடாவாகப் பார்ப்பது போன்றது இது. 8 GB என்றால் பன்னிரண்டரை மணி நேரம் வரும், கணினியில் அதைப்போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும். அதனால் Amount to import என்பதில் 10% வைத்து, Start offset ஐ நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். அந்த எண் 4 ஆல் வகுபட வேண்டும் என்பது மட்டும் விதி. இரைச்சல் மலைகளுக்கு நடுவே பேச்சின் அலைவடிவம் கண்ணுக்கே தெரியும். MP3 பதிவென்றால் இந்த வழி உதவாது. அதற்கு PhotoRec என்ற இலவச மென்பொருளுக்குப் பிம்பத்தைக் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

கார்டு கணினிக்குத் தெரியவே இல்லை என்றால் வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை, தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும்.

## குற்றவாளி: பேட்டரி

மீட்டு முடித்தபின் ரெக்கார்டரைத் திறந்தேன். இரண்டு AAA பேட்டரிகள். ஒன்று பழையது. இன்னொன்று அன்று காலை தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கியது. அதன் மேல் கொட்டை எழுத்தில் Heavy Duty என்று இருந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சாதாரணத் துத்தநாக-கார்பன் பேட்டரிக்குச் சூட்டும் பெயர். சுவர்க் கடிகாரத்துக்கு ஏற்றது, ரெக்கார்டருக்கு அல்ல.

எது எது என்று அறிய, பக்கவாட்டில் பொடி எழுத்தில் உள்ள குறியீட்டைத் தேடுங்கள். R03 என்றால் துத்தநாக-கார்பன். LR03 என்றால் ஆல்கலைன். HR03 என்றால் மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை. பென்சில் அளவுப் பேட்டரிக்கு இவை R6, LR6, HR6 என்று வரும். கடைக்காரரிடம், "அண்ணே, எல் என்று தொடங்குவதாகப் பார்த்துத் தாருங்கள்" என்று கேட்டால் ஒரு விநோதமான பார்வை கிடைக்கும். பேட்டரியும் சரியானதாகக் கிடைக்கும்.

திரையில் இரண்டு கட்டம் மீதி என்று காட்டியதே, எப்படி அணைந்தது? ரெக்கார்டர் சீராக மின்சாரம் குடிப்பதில்லை. கார்டில் ஒரு துண்டை எழுதும் அந்தக் கணத்தில் சட்டென்று அதிகமாக இழுக்கிறது. பலவீனமான பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக 1.4 வோல்ட் காட்டும், இழுக்கும்போது சரிந்துவிடும். கட்டங்கள் காட்டுவது பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுள்ள நிலை. மல்டிமீட்டர் இருந்தால் ரெக்கார்டர் பதிந்துகொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள், உண்மை வெளியே வரும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் இரண்டில் நோஞ்சான் எதுவோ அதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

நிக்கல் வகை பேட்டரி பயன்படுத்துகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்ற மறக்கக் கூடாது. அது பிறவியிலேயே 1.2 வோல்ட். ஆல்கலைன் என்று அமைத்திருந்தால், முழுதாக மின்னேற்றியதையும் பாதி தீர்ந்தது என்று ரெக்கார்டர் நினைத்துக்கொள்ளும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. கடற்கரையில் வேலை செய்யும் ரெக்கார்டரின் பேட்டரி அறையில் ஸ்பிரிங் மீது பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். பச்சை உப்புக்காற்றின் வேலை, வெள்ளைப் பொடி பேட்டரி கசிந்தது. இரண்டும் மின்சாரத்துக்குத் தடை; நல்ல பேட்டரியையும் பலவீனமாக்கிக் காட்டும். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது என்பதால், காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் லேசாக நனைத்துத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட இன்னொரு குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பேட்டரி போடுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வையுங்கள். கடிகாரம் அழியும், அழியட்டும்.

## சந்தேகப் பட்டியலில் அடுத்தவர்: கார்டு

பேட்டரி நன்றாக இருந்தும் பதிவு நின்றாலோ, CARD ERROR என்று வந்தாலோ கார்டைப் பாருங்கள். "வேகம் போதாது, கிளாஸ் 10 வாங்குங்கள்" என்று கடையில் சொல்வார்கள். எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: WAV பதிவுக்கு வினாடிக்கு 0.18 MB போதும். கிளாஸ் 4 கார்டே வினாடிக்கு 4 MB எழுதும். குரல் பதிவில் வேகம் பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, பெரிய கார்டு. 4 GB முதல் 32 GB வரையிலான கார்டுகள் கோப்புகளை அடுக்கும் FAT32 என்ற முறையில் வருகின்றன, 64 GB இலிருந்து exFAT. பழைய ரெக்கார்டர்கள் பலவற்றுக்கு exFAT படிக்கத் தெரியாது. இன்னும் பழையவை 2 GB க்கு மேல் ஏற்காது. கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதற்கு மேல் போகாதீர்கள். 32 GB யில் இந்த முறையிலான WAV ஐம்பது மணி நேரம் பிடிக்கும், அதற்கு மேல் எதற்கு?

இரண்டாவது, போலி. உள்ளே 4 GB மட்டும் வைத்து, மேலே 32 என்று அச்சிட்டு, கணினியிடமும் 32 என்றே பொய் சொல்லும் கார்டுகள் சந்தையில் உண்டு. முதல் ஆறு மணி நேரம் அருமையாகப் பதியும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதன் மேல் ஏறும். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாக இருக்கும். திறந்தால் ஒன்றும் இருக்காது. நான் முன்பு சொன்ன சரியான அளவுள்ள, இயங்காத கோப்பு இதுதான். இதற்கு மீட்பு கிடையாது.

அதனால் புதுக் கார்டு வாங்கியதும், எதையும் பதியும் முன், H2testw என்ற இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துப் பார்க்கிறேன். Test finished without errors என்று வந்தால் ஏற்கிறேன். லினக்ஸில் f3write, f3read என்று இரண்டு கட்டளைகள் இதே வேலையைச் செய்கின்றன. 32 GB க்கு இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். சோதித்து முடிந்ததும் கார்டை ரெக்கார்டரின் மெனுவிலேயே Format செய்யுங்கள், கணினியில் அல்ல. ரெக்கார்டர் தனக்கு வேண்டிய கோப்புறைகளையும் அமைப்பையும் தானே போட்டுக்கொள்ளும்.

## நினைவகம் நிறைந்தது என்று வந்தால்

நிறைந்தால் ரெக்கார்டர் ஒழுங்காகக் கோப்பை மூடிவிட்டுத்தான் நிற்கும், எனவே பதிந்தது பத்திரம். ஆனால் நிறையாமலே நிறைந்தது என்று சொல்லும் மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு.

கணினியில் இணைத்துக் கோப்புகளை அழித்தீர்கள், கார்டு வெறுமையாகத் தெரிகிறது, ரெக்கார்டரோ MEMORY FULL என்கிறது. மேக் கணினி என்றால் அழித்தவை கார்டிலேயே .Trashes என்ற மறைந்த கோப்புறையில் இருக்கின்றன, லினக்ஸ் என்றால் .Trash-1000 என்பதில். கார்டு இணைந்திருக்கும்போதே குப்பைத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு கோப்புறைக்கு 199 அல்லது 200 கோப்புதான் என்று சில ரெக்கார்டர்கள் வரம்பு வைத்திருக்கின்றன. கார்டில் பாதி இடம் இருந்தாலும் அந்த எண் வந்துவிட்டால் பதிய மறுக்கும். கோப்புறையை மாற்றினால் தீர்ந்தது.

மூன்றாவது, ஒரே கோப்பின் நீளம். பல ரெக்கார்டர்களில் ஒரு WAV கோப்பு 2 GB க்கு மேல் வளராது. நம் கணக்கில் அது 3 மணி 22 நிமிடம். சில ரெக்கார்டர்கள் அந்த இடத்தில் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், சில நின்றுவிடும். விடிய விடியத் தெருக்கூத்து பதிகிறவர்கள் இதை வீட்டிலேயே ஒரு முறை, வானொலியை எதிரில் வைத்து நான்கு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நினைவகமும் நிறையவில்லை, பேட்டரியும் சரி, ஆனாலும் பேச்சு இடையிடையே வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் மெனுவில் VOR அல்லது VCVA என்பதை அணையுங்கள். குரல் கேட்டால் மட்டும் பதியும் வசதி அது. ஆயாக்கள் யோசிக்கும்போது விடும் நீண்ட மௌனத்தை அது பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

## இப்போது நான் பதியும் விதம்

உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் பதிந்து, நிறுத்தி, காதில் வைத்துக் கேட்கிறேன். திரையில் எண் ஓடுவதைப் பார்த்து நம்புவதில்லை. சில ரெக்கார்டர்களில் பதிவுப் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் ஆயத்த நிலைதான் வரும், சிவப்பு விளக்கு மினுக்கும். இரண்டாம் தடவை அழுத்தினால்தான் நிலையாக எரிந்து பதியும். மினுக்கும் விளக்கைப் பார்த்துப் பதிகிறது என்று நினைத்து ஒரு மாலைப்பொழுதையே இழந்தவன் நான்.

பதிவு ஓட ஆரம்பித்ததும் HOLD பொத்தானை நகர்த்திவிடுகிறேன், பையில் போட்டாலும் எதுவும் அழுந்தாது. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, பேச்சில் இயல்பாக ஓர் இடைவெளி வரும்போது, HOLD ஐ விடுவித்து, நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன். அதுவரை பேசியது மூடப்பட்டுப் பத்திரமாகிறது. அதற்குப் பிறகு பேட்டரி போனாலும் போவது அந்தத் துண்டு மட்டும்.

அடுத்த மாதம் ஆயாவிடம் மறுபடி போனேன். 2004 சுனாமியைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. டீ வந்தது, ரெக்கார்டரை நிறுத்தினேன். "என்ன தம்பி, மறுபடியும் அணைந்துவிட்டதா?" என்றார். இல்லை ஆயா, நான்தான் அணைத்தேன் என்றேன். டம்ளரைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, அடுத்த கோப்பைத் தொடங்கினேன்.